நிறம் மட்டும் சாட்சி சொல்லாது: குங்குமப்பூ விற்கும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

உங்கள் கடைகளில் திப்பிலியும் சுக்கும் அதிமதுரமும் திறந்த டப்பாக்களில் இருக்கும். குங்குமப்பூ மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஒரு கிராம் அரை கிராம் டப்பாக்களாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை வாங்க வருபவர் பெரும்பாலும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணின் அம்மா அல்லது மாமியார். டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்தானே?" என்று கேட்பார். நீங்களும் "ஒரிஜினல்தாம்மா" என்பீர்கள். உங்களில் பெரும்பாலோர் அதை நம்பித்தான் சொல்கிறீர்கள். உங்களுக்கு விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மசாலா, எண்ணெய், பால் என்று பலதும் என் மேசைக்கு வந்தன. குங்குமப்பூ அளவுக்கு என்னை உட்கார்த்தி யோசிக்க வைத்த சரக்கு வேறில்லை. ஏமாற்றுகிறவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது ஒரு காரணம். அந்தப் பூ தனக்குள்ளேயே ஒரு கணக்கை எழுதி வைத்திருக்கிறது என்பது இன்னொரு காரணம். அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் டெல்டா பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் இரண்டு பொட்டலம். ஒன்று அவர் வழக்கமாக வாங்கும் சரக்கு. இன்னொன்று புதிய தரகர் ஒருவர் விலை குறைத்துக் கொடுத்தது. "மேடம், புதுசுதான் பார்க்க நல்லா இருக்கு. பழசைவிடச் செவப்பு. சூடான பால்ல போட்டா உடனே நிறம் இறங்குது. வாங்குறவங்களும் இதுதான் நல்லா இருக்குங்கறாங்க. ஆனா எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்றார். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து கிராம் கொண்டுவந்திருந்தார். ஒரு கிராம் டப்பாவை நீட்டி "பார்த்துச் சொல்லுங்க" என்பவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அந்த அளவே அவருடைய அக்கறையைச் சொல்லிவிட்டது.

அவருக்கு என்ன விடை கிடைத்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காஷ்மீரின் பாம்பூர் மேட்டு நிலங்களில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இந்தப் பூ பூக்கும். ஈரானின் கொராசான் பகுதியில் இதைவிடப் பல மடங்கு பரப்பில் பயிராகிறது. உலகச் சரக்கில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. செடிக்கு விதை கிடையாது. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கைப் பிரித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஊதா நிறப் பூவின் நடுவில் சூலகத்தண்டு ஒன்று மேலெழுந்து, நுனியில் மூன்று சிவப்பு இழைகளாகப் பிரிகிறது. அந்த மூன்று இழைகள்தான் குங்குமப்பூ. அடியில் இருக்கும் மஞ்சள் தண்டு சரக்கில் சேர்த்தி இல்லை. அதில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. காஷ்மீரில் தண்டோடு சேர்த்து வருவதை லச்சா என்றும், சிவப்பை மட்டும் நறுக்கி எடுத்ததை மோங்ரா என்றும் சொல்கிறார்கள். உலர்ந்த ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூக்களாவது வேண்டும். ஒவ்வொன்றையும் கையால்தான் கிள்ள வேண்டும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும், கலப்படம் ஏன் விடாமல் துரத்துகிறது என்பதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

இனி அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பொருள்களில் ஒன்று சியாசாந்தின். நாற்பது கரியணுக்களைக் கொண்ட நீளமான சங்கிலி அது. குங்குமப்பூவின் இழைக்குள்ளும் அதே சியாசாந்தின் உருவாகிறது. ஆனால் மக்காச்சோளத்திடம் இல்லாத ஒரு கத்தரி இந்தப் பூவிடம் இருக்கிறது. ஒரு நொதிதான் அந்தக் கத்தரி. 2014-இல்தான் ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டு சொன்னார்கள். சங்கிலியின் இரண்டு ஓரங்களிலும் அது வெட்டுகிறது. நடுவில் இருபது கரியணு கொண்ட துண்டு ஒன்றும், இரண்டு ஓரங்களிலும் பத்துப் பத்து கரியணு கொண்ட சின்னத் துண்டுகளும் மிஞ்சுகின்றன.

நடுத்துண்டுதான் நிறம். அதன் பெயர் குரோசெட்டின். அதன் இரு முனைகளிலும் செடி சர்க்கரையைக் கட்டிவிடும்போது அது குரோசின் ஆகிறது. இந்தச் சர்க்கரை சாதாரண விஷயமில்லை. காரட்டின் நிறப்பொருளும் தக்காளியின் நிறப்பொருளும் தண்ணீரில் கரையாதவை, எண்ணெயை நாடுபவை. குரோசின் அவற்றின் உறவுதான் என்றாலும், முனைகளில் இருக்கும் சர்க்கரை அதைத் தண்ணீருக்கு இழுத்துவிடுகிறது. நம் வீடுகளில் குங்குமப்பூவை நெய்யில் போடாமல் பாலில் ஊறவைத்துச் சேர்க்கிறார்களே, அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தச் சர்க்கரைதான்.

ஓரத்துண்டுகள்தான் சுவையும் மணமும். செடி அவற்றிலும் சர்க்கரையைக் கட்டி, பிக்ரோகுரோசின் என்ற கசப்புப் பொருளாகச் சேர்த்து வைக்கிறது. நல்ல இழையை நாக்கில் வைத்தால் தெரியும் மெல்லிய கசப்பு அதனுடையது. பறித்த உடனே பச்சை இழையை முகர்ந்தால் நாம் அறிந்த குங்குமப்பூ மணம் அநேகமாக இருக்காது. உலர்த்தும்போது அந்தக் கசப்புப் பொருள் சர்க்கரையை உதிர்த்து, ஒரு நீர் மூலக்கூறையும் இழந்து, சாஃப்ரனால் என்ற ஆவியாகும் பொருளாக மாறுகிறது. காய்ந்த வைக்கோல் மேல் தேன் பட்டதுபோல் வரும் அந்த மணம், உலர்த்தும் அடுப்பிலும் நிழலிலும் பிறப்பது. ஒரே பூவாக இருந்தாலும் உலர்த்தும் முறைக்கு ஏற்ப மணம் மாறுகிறது. நாள்கணக்கில் வெயிலில் காயவைத்தால் இழைக்குள் இருக்கும் நொதிகள் அதற்குள் நிறத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். மிதமான சூட்டில் சீக்கிரம் உலர்த்தினால் நிறம் காப்பாற்றப்படும், மணமும் கூடுதலாகப் பிறக்கும்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். நிறமும் கசப்பும் மணமும் ஒரே சங்கிலியின் துண்டுகள். உண்மையான குங்குமப்பூவில் நிறம் மட்டும் நிறைய இருந்து கசப்புப் பொருள் அற்பமாக இருக்க வழியில்லை. நடுத்துண்டு இருந்தால் ஓரத்துண்டும் ஒரு விகிதத்தில் இருந்தே தீர வேண்டும். நிறத்தைக் கடையில் வாங்கிப் பூசிவிடலாம். இந்த விகிதத்தை அப்படி வாங்க முடியாது.

பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் பார்ப்பதும் அந்த விகிதத்தைத்தான். ஐஎஸ்ஓ 3632 என்ற உலகத் தர நிர்ணயம் இதற்கான முறையைச் சொல்கிறது. அரை கிராம் குங்குமப்பூவைப் பொடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில், வெளிச்சம் படாமல் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து வடிகட்ட வேண்டும். பிறகு ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குவார்ட்ஸ் குழியில் ஊற்றி, நிறமாலைமானியில் வைக்க வேண்டும். அந்தக் கருவி ஒவ்வோர் அலைநீள ஒளியையும் கரைசல் வழியே அனுப்பி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று சொல்லும். குரோசின் 440 நானோமீட்டரில் அதிகம் விழுங்கும். பிக்ரோகுரோசின் 257-இல் விழுங்கும். சாஃப்ரனால் 330-இல் விழுங்கும். இன்னொரு பக்கம், சரக்கை அடுப்பில் வைத்து ஈரம் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஈரத்தைக் கழித்துத்தான் கணக்குப் போடுவோம். இல்லாவிட்டால் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியவனும் தரமில்லாத சரக்கு விற்றவனும் ஒன்றாகத் தெரிவார்கள்.

கணக்கு எளிது. கருவி காட்டும் எண்ணைப் பத்தாயிரத்தால் பெருக்கி, எடுத்துக்கொண்ட எடையாலும் ஈரம் போக மிஞ்சிய சதவீதத்தாலும் வகுக்க வேண்டும். முதல் தரத்துக்கு நிறத்தின் எண் 200-க்குக் குறையக் கூடாது. கசப்பின் எண் 70-க்குக் குறையக் கூடாது. மணத்துக்கு 20 முதல் 50 வரை இருக்க வேண்டும். இரண்டாம் தரம் என்றால் நிறம் 170, கசப்பு 55. மூன்றாம் தரம் 120, 40.

டெல்டாவிலிருந்து வந்தவருடைய பழைய பொட்டலத்தில் ஈரம் 10 சதவீதம். 440-இல் கருவி 1.06 காட்டியது. பத்தாயிரத்தால் பெருக்கினால் 10,600. அரை கிராமையும் மிஞ்சிய 90 சதவீதத்தையும் பெருக்கினால் 45. வகுத்தால் 235-க்குச் சற்று மேல். 257-இல் 0.38 காட்டியது, அதாவது 84. நல்ல சரக்கு. நிறமும் கசப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன.

புதிய பொட்டலத்தில் ஈரம் 8 சதவீதம். 440-இல் 0.92. கணக்குப் போட்டால் சரியாக 200. நிறத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துகிறவர் இதற்கும் முதல் தரம் என்று எழுதிக்கொடுத்துவிடுவார். ஆனால் 257-இல் 0.19 மட்டும். கணக்கு 41. நிறம் முதல் தரத்தில் நிற்கிறது, கசப்போ மூன்றாம் தரத்தின் வாசலில். ஒரே சங்கிலியின் துண்டுகள் இப்படிப் பிரிந்து நிற்க முடியாது. மீதி நிறம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

எண்களை விட்டுவிட்டு, கருவி வரைந்த கோட்டையே பார்த்தேன். குரோசினின் கோட்டுக்கு ஒரு முகம் உண்டு. 440-இல் சிகரம், அதை ஒட்டி 464 அருகே ஒரு தோள், பிறகு சரசரவென்று இறங்கி, 500-ஐத் தாண்டினால் அநேகமாகத் தரையைத் தொட்டுவிடும். பழைய பொட்டலத்தின் கோடு அப்படியே இருந்தது. புதியதில் சிகரம் இடதுபுறம் நகர்ந்து மழுங்கியிருந்தது, தோள் கரைந்துபோயிருந்தது. 510 அருகே, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், ஒரு சின்ன மேடு. மஞ்சள் சாயமான டார்ட்ரசின் 427 அருகே விழுங்கும். கார்மோசின், பான்சோ போன்ற சிவப்புச் சாயங்கள் 500-க்கு மேலே விழுங்கும். மஞ்சளும் சிவப்பும் கலந்து பூசியிருக்கிறார்கள் என்று அந்தக் கோடு சொன்னது. டார்ட்ரசின் 257-ஐ ஒட்டியும் விழுங்கும். ஆகவே அந்த 41-லும் ஒரு பங்கு சாயத்தினுடையதாகவே இருக்க வேண்டும். உண்மையான கசப்பு அதற்கும் குறைவு.

ஊகத்தோடு நிற்க முடியாது. கரைசலைக் கொஞ்சம் அமிலமாக்கி, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். தார்ச் சாயங்கள் கம்பளியை இறுகப் பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. நூல் ஆரஞ்சு நிறமாகி அப்படியே நின்றது. பிறகு மாவுபோல் பூச்சுப் பூசிய தகட்டில் ஒரு துளி வைத்து, கரைப்பானை மேலேற விட்டேன். தெரிந்த சாயங்களின் துளிகளையும் பக்கத்தில் வைத்தேன். மஞ்சள் புள்ளி ஒன்று டார்ட்ரசினுக்கு நேராக ஏறி நின்றது. சிவப்புப் புள்ளி ஒன்று கார்மோசினுக்கு நேராக. அவற்றுக்கு நடுவே மங்கலாக உண்மையான குரோசினும் இருந்தது. அதுதான் என்னை வருத்தியது. உருப்பெருக்கியில் பார்த்தால் இழைகள் எல்லாம் அசல் குங்குமப்பூ இழைகள்தான். எங்கேயோ ஒருமுறை ஊறவைத்துச் சாற்றை இறக்கிவிட்டு, சக்கையாகிப்போன இழைக்கு மறுபடி சாயமேற்றி உலர்த்தியிருக்கிறார்கள். உருவம் அசல். அதனால்தான் அவர் கண்ணுக்குத் தப்பியது.

அவர் தெரியாமல் செய்த தவறு ஒன்றுதான். சூடான பாலில் போட்டுப் பார்த்தார். சூட்டில் அசலும் நிறத்தை விடும், பூசியதும் விடும். பச்சைத் தண்ணீரில்தான் வித்தியாசம் தெரியும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஐந்தாறு இழைகளைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள், இழையையும் பாருங்கள். அசல் இழையிலிருந்து மஞ்சள் மெதுவாக, நூல்நூலாக இறங்கும். தண்ணீர் பொன்னிறமாகும், இழை சிவப்பாகவே இருக்கும். பூச்சுச் சாயம் போட்ட சில நொடிகளிலேயே சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கரையும், இழை வெளுத்துப்போகும். பிறகு ஊறிய இழையை ஒரு வெள்ளைத் தாளில் விரித்து, கைக்கண்ணாடியால் பாருங்கள். அசல் இழை நாதஸ்வர அணைசுபோல் மேல்முனையில் விரிந்து, ஓரம் பல்பல்லாக இருக்கும். குசும்பா இதழாக இருந்தால் சின்னக் குழாய் ஒன்றின் முனையில் ஐந்து மெல்லிய கீற்றுகள் தெரியும். மக்காச்சோள நாராக இருந்தால் முனைக்கு முனை ஒரே பருமனில் வெறும் நூலாக இருக்கும்.

இன்னொரு சோதனையை நம் வீட்டுச் சடங்கே கற்றுக்கொடுத்திருக்கிறது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா? குங்குமப்பூ ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு துளி விட்டுப் பாருங்கள். மஞ்சள்தூள் கலந்திருந்தால் ஆரத்தி நிறம் காட்டும். குரோசின் மஞ்சளாகவே நிற்கும். அதேபோல் இரண்டு இழைகளைத் தேங்காய் எண்ணெயில் போட்டு அரை நாள் வையுங்கள். சர்க்கரை கட்டிய குரோசின் எண்ணெய்க்குப் போகாது. எண்ணெய் நிறமானால் எண்ணெயில் கரையும் வேறு ஏதோ அதில் இருக்கிறது. நாக்கில் இனித்தால் தேனோ சர்க்கரைப் பாகோ பூசி எடை ஏற்றியிருக்கிறார்கள். தாளில் வைத்து அழுத்தி எண்ணெய்க்கறை பதிந்தால் அதுவும் எடைக்காகத்தான். இவை எல்லாவற்றையும் கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

ஆனால் இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களைத் தவறான தைரியத்தில் விட்டதாகிவிடும். பச்சைத் தண்ணீர் சோதனை மட்டமான சாயத்தைப் பிடிக்கும், கெட்டிக்காரக் கலப்படத்தைப் பிடிக்காது. ஒரு கணக்கைப் பாருங்கள். நிறம் 250, கசப்பு 90 உள்ள அருமையான சரக்கை ஒருவர் வாங்குகிறார். அதில் ஐந்தில் ஒரு பங்கு நிறமே இல்லாத மஞ்சள் தண்டைக் கலக்கிறார். நிறம் 200-க்கு இறங்கும், கசப்பு 72-க்கு இறங்கும். இரண்டுமே இன்னும் முதல் தரம். நிறமாலைமானியும் ஏமாந்துவிடும். ஆகவே அறிக்கையில் எண்கள் இருந்தால் மட்டும் போதாது. பூக்கழிவு எவ்வளவு, அந்நியப் பொருள் எவ்வளவு என்று இழைகளைப் பிரித்து எடை போட்ட வரியும் இருக்க வேண்டும். பொடித்த குங்குமப்பூவை வாங்கவே வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். இழை பொடியானதும் கண்ணின் சாட்சி போய்விடுகிறது.

அதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. கார்டீனியா என்ற மணமுள்ள வெள்ளைப்பூச் செடியின் காயிலும் குரோசின் இருக்கிறது. பெயரளவில் ஒத்ததல்ல, அதே குரோசின். அந்தக் காயின் சாற்றைப் பூசினால் 440-இல் சிகரம், 464-இல் தோள், 500-க்கு அப்பால் தரை, எல்லாம் அச்சு அசலாக வரும். கம்பளி நூல் சோதனையும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அது தார்ச் சாயம் இல்லை. இங்கேயும் காப்பாற்றுவது அந்த விகிதம்தான். கார்டீனியாக் காயில் பிக்ரோகுரோசின் கிடையாது. நிறம் ஏறும், கசப்பு ஏறாது. சந்தேகம் வந்தால் எச்.பி.எல்.சி. என்ற கருவியில் சாற்றைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து, ஜெனிபோசைடு இருக்கிறதா என்று தேடுவோம். அது கார்டீனியாவுக்குச் சொந்தமானது, குங்குமப்பூவில் இல்லாதது. அது தலைகாட்டினால் மேலே பேச்சில்லை.

மணத்தின் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றில் அது பலவீனமான சாட்சி. சாஃப்ரனால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. போதாததற்கு, வெளிச்சம் பட்ட குரோசினில் ஒரு பகுதி வளைந்த உருவத்துக்கு மாறி, அதுவும் 330 அருகே விழுங்கத் தொடங்கும். வெயிலில் கிடந்து வீணான சரக்கு, அறிக்கையில் மணம் அதிகம்போல் காட்டக்கூடும். உண்மையான மணத்தை அளக்க ஜி.சி. என்ற வேறு கருவி வேண்டும். உங்கள் மூக்கும் மோசமில்லை. ஆனால் பக்கத்து டப்பாவில் இருக்கும் அசலின் மணம் இதில் ஏறியிருக்கும். ஒரு இழையைத் தனியே எடுத்து, வெளியே வந்து முகர்ந்து பாருங்கள்.

இதிலிருந்து உங்கள் கடையைப் பற்றியே ஒரு விஷயம் வருகிறது. கண்ணாடி அலமாரியில், குழல்விளக்குக்கு நேர் கீழே, ஒளி ஊடுருவும் டப்பாவில் வைக்கிறீர்கள். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் குரோசினுக்கு வெளிச்சமும் ஈரமும் சூடும் காற்றும் ஆகாது. சாஃப்ரனால் மூடி சரியில்லாத டப்பாவிலிருந்து நாளுக்கு நாள் போய்க்கொண்டே இருக்கும். அசலாக வாங்கியதை நாமே ஆறு மாதத்தில் பாதியாக்கிவிடக் கூடாது. காட்சிக்கு வெற்று டப்பாவை வையுங்கள். சரக்கைத் தகர டப்பாவில் இறுக மூடி, கல்லாப்பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஈரத்துக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் இழை காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும்.

இன்னொன்றையும் கேட்க உரிமை எடுத்துக்கொள்கிறேன். "குழந்தை சிவப்பாப் பிறக்குமா?" என்று கேட்கும்போது "பிறக்கும்மா" என்று சொல்லாதீர்கள். குரோசின் பாலுக்கு நிறம் தரும், பிள்ளையின் தோலுக்குத் தராது. தோலின் நிறத்தை முடிவு செய்வது அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுக்கள். இந்தச் சரக்கில் பாதி விற்பனை அந்த நம்பிக்கையில் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். அந்த நம்பிக்கைதான் நிறம் உடனே இறங்க வேண்டும், அடர்த்தியாக இறங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வளர்க்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் சாயம் பூசியவனுக்குச் சந்தை தருகிறது. இரண்டு மூன்று இழை பாலில் போட்டுக் குடிப்பதில் தீங்கில்லை, வாசனைக்காகக் குடிக்கட்டும். கிராம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என் மகள் கருவுற்றிருந்தபோது என் வீட்டுக்கும் ஒரு டப்பா வந்தது. பிரித்த கையோடு பச்சைத் தண்ணீரில் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் சிவந்தது. அதைப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் கலந்து கொடுத்திருப்போமே என்று அன்று நான் பதறியது இன்னும் நினைவிருக்கிறது.

டெல்டாக் கடைக்காரர் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நூறு கிராம் வாங்கிட்டேன் மேடம். பன்னெண்டு கிராம் வித்துட்டேன்" என்றார். வாங்கியவர்களில் ஏழு பேர் அவருக்கு முகம் தெரிந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகப் பின்னால் தொலைபேசியில் சொன்னார். தரகர் பணத்தைத் திருப்பவில்லை. கடைக்காரர் ரசீது இல்லாமல் வாங்கியிருந்தார், புகார் எழுதக் கையில் ஆதாரம் இல்லை.

ஆகவே ரசீதும் தொகுதி எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள். தரகர் காட்டும் ஆய்வறிக்கையில் அந்தத் தொகுதி எண் இருக்கிறதா, நிறம் கசப்பு இரண்டும் இருக்கிறதா, ஈரமும் பூக்கழிவும் இருக்கிறதா, செயற்கைச் சாயம் தேடப்பட்டதா என்று பாருங்கள். நிறத்தின் எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்துக் காட்டினால் கசப்பின் எண்ணைக் கேளுங்கள். காஷ்மீர்ச் சரக்கு என்று கூடுதல் விலை சொன்னால், 2020-இல் கிடைத்த புவிசார் குறியீட்டின் முத்திரையைக் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி குங்குமப்பூவில் வெளிச்சாயம் எந்த அளவிலும் சேர்க்கக் கூடாது. டார்ட்ரசின் மிட்டாயில் அனுமதிக்கப்பட்டதாயிற்றே என்று யாராவது வாதாடினால், அந்த அனுமதி இதற்கு இல்லை என்று சொல்லுங்கள்.

புதிய ஆளிடம் முதல் தடவை வாங்கும்போது, விற்கத் தொடங்குமுன் பத்து கிராமைத் தனியே எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஈரம் பார்க்கவே இரண்டரை கிராம் போய்விடும். நிறத்துக்கு அரை கிராம், இழை பிரித்துப் பார்க்க இன்னும் கொஞ்சம், சாயம் தேடவும் மறுசோதனைக்கும் மீதி. பொட்டலத்தின் மேலிருந்து அழகான இழைகளைப் பொறுக்கி எடுக்காதீர்கள். கொட்டிக் கலந்து, நாலு மூலையிலிருந்தும் எடுங்கள். தகர டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, வாங்கிய தேதியையும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். அதே கலவையிலிருந்து இன்னொரு டப்பாவை முத்திரையிட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உணவுப் பரிசோதனை வேதியியலாளர் ஒருவர்